வெளியிலிருந்து திறக்காத வீட்டுக் கேமரா

வீட்டில் நான்கு கேமராக்கள், பதிவு செய்ய ஒரு என்விஆர் பெட்டி. ஹாலில் இருக்கும் டிவியில் படம் தெளிவாக ஓடுகிறது. வீட்டு வைஃபையில் இருக்கும்வரை கைபேசியிலும் ஓடுகிறது. தெருவுக்கு வந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினால் மட்டும் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்து, கடைசியில் இணைப்பு இல்லை என்று நின்றுவிடுகிறது. கேமரா பொருத்தியவரைக் கூப்பிட்டால், அவர் ரூட்டரின் Port Forwarding பக்கத்தைத் திறந்து 8000, 554 என்ற இரண்டு எண்களுக்கு வழி எழுதிச் சேமிக்கிறார். ரூட்டர் எந்த மறுப்பும் சொல்லாமல் ஏற்றுக்கொள்கிறது. அப்படியும் கேமரா திறப்பதில்லை. பெட்டியில் கோளாறு என்று புதுப் பெட்டி வாங்கிப் பார்ப்பவர்கள் உண்டு. ரூட்டரை மாற்றிப் பார்ப்பவர்களும் உண்டு. பெரும்பாலும் இரண்டுமே வீண் செலவு. எழுதிய வழி சரியானதுதான். வெளியிலிருந்து வரும் அழைப்பு அந்த ரூட்டர்வரை வந்து சேர்வதே இல்லை.

ஏன் வந்து சேர்வதில்லை என்று புரிய, இணைய முகவரிகளின் தட்டுப்பாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். நாம் இன்னும் பெரிதும் நம்பியிருக்கும் பழைய ஐபி முறையில் மொத்தம் சுமார் 430 கோடி முகவரிகள்தான். உலக அளவில் பகிர்ந்து தருவதற்கு வைத்திருந்த கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே, வீட்டுக்கு ஒரு பொது முகவரி, உள்ளே இருக்கும் கருவிகளுக்கெல்லாம் வீட்டளவில் செல்லும் தனி எண்கள் என்ற ஏற்பாடு நடந்துவருகிறது. 192.168 என்று தொடங்குபவை, 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை தொடங்குபவை எல்லாம் இப்படி வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் எண்கள். பொது இணையத்தில் இவற்றுக்கு வழி கிடையாது.

உள்ளெண்ணையும் பொது எண்ணையும் மாற்றி மாற்றிக் கொடுப்பது ரூட்டரின் வேலை. அதற்குப் பெயர் நாட். உங்கள் கைபேசி ஒரு வலைத்தளத்தைக் கேட்கும்போது, எந்தக் கருவி எந்த வாசல் வழியாகக் கேட்டது என்று ரூட்டர் தன் அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. பதில் வந்ததும் அந்தக் குறிப்பைப் பார்த்துச் சரியான கருவிக்கு அனுப்புகிறது. ஆனால் உள்ளேயிருந்து யாரும் கேட்காமல், வெளியிலிருந்து தானாக ஒரு அழைப்பு வந்தால் அட்டவணையில் குறிப்பு இருக்காது. ரூட்டர் அதைக் கைவிட்டுவிடும். இந்தக் குறையைத் தீர்க்கத்தான் போர்ட் ஃபார்வர்டிங். 8000 என்ற வாசலுக்கு யார் வந்தாலும் என்விஆரிடம் அனுப்பு என்று நாமே கையால் எழுதிவைக்கும் நிரந்தரக் குறிப்பு அது.

இப்போது மாடிவீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். இணைய நிறுவனம் கீழ்த்தளத்தில் ஃபைபர் பெட்டி வைத்திருக்கிறது. அதன் உள்ளெண் 192.168.1.1. மாடிக்கு வைஃபை எட்டவில்லை என்று வீட்டுக்காரர் இன்னொரு ரூட்டர் வாங்கி, ஃபைபர் பெட்டியிலிருந்து கம்பி இழுத்து மாட்டியிருக்கிறார். அதன் உள்ளெண் 192.168.0.1. என்விஆர் இந்த இரண்டாவது ரூட்டரில் 192.168.0.50 என்ற எண்ணில் இருக்கிறது. வழி எழுதப்பட்டதும் இதே ரூட்டரில்தான். அதன் நிலவரப் பக்கத்தில் WAN IP என்ற இடத்தைப் பார்த்தால் 192.168.1.5 என்றிருக்கும். வெளியுலகை நோக்கிய முகத்தில் பொது எண் இருக்க வேண்டிய இடத்தில் வீட்டெண் இருக்கிறது. இதைத்தான் டபுள் நாட் என்கிறார்கள். வெளியிலிருந்து வரும் அழைப்பு முதலில் ஃபைபர் பெட்டியைத் தொடும். அங்கே எந்தக் குறிப்பும் இல்லை என்பதால் அதோடு முடிந்துவிடும்.

இதற்குச் சிலர் இரண்டு பெட்டிகளிலும் வழி எழுதுகிறார்கள், வேலை செய்யும். சிலர் ஃபைபர் பெட்டியை பிரிட்ஜ் முறைக்கு மாற்றி, இணைப்பின் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் தங்கள் ரூட்டரிலேயே போடுகிறார்கள். அதற்குப் பெரும்பாலும் நிறுவனத்தின் தயவு வேண்டும். இரண்டையும்விட எளிது, மாடி ரூட்டரை ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றிவிடுவது. அப்போது அது வைஃபையை மட்டும் பரப்பும், எண் மாற்றும் வேலையைச் செய்யாது. என்விஆருக்கு ஃபைபர் பெட்டியே 192.168.1.50 என்பது போல ஓர் எண் தரும். மாடிக்கு வைஃபை வேண்டும் என்பதற்காக மட்டுமே வாங்கிய ரூட்டருக்கு இதுவே சரியான வேலை.

நமது வீட்டில் இதைச் செய்தாயிற்று. ஃபைபர் பெட்டியிலேயே வழியும் எழுதியாயிற்று. இன்னும் கேமரா திறக்கவில்லை. இப்போது ஃபைபர் பெட்டியின் WAN IP என்ன என்று பார்த்தால், 100.72.16.40. பார்வைக்குப் பொது எண் போலவே இருக்கிறது, பலர் ஏமாறுவது இங்கேதான். 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண்களை 2012 ஏப்ரலில் இணைய நிறுவனங்களின் உள் உபயோகத்துக்கென்றே ஒதுக்கினார்கள். நிறுவனம் தன் வளாகத்தில் இன்னொரு பெரிய நாட் வைத்து, பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். சில நிறுவனங்கள் இதே வேலைக்கு 10 என்று தொடங்கும் எண்களையும் தருகின்றன.

மஞ்சள் பலகை மாட்டிய எஸ்டிடி பூத்துகள் இருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். அங்கிருந்து யாரை வேண்டுமானாலும் கூப்பிடலாம். எதிர்முனையில் பூத்தின் எண் தெரியும். ஆனால் அவர்கள் அந்த எண்ணுக்குத் திருப்பிக் கூப்பிட்டால் மணி பூத்தில் அடிக்குமே தவிர உங்களைச் சேராது. அன்று வந்துபோன அத்தனை பேரில் யாருக்கான அழைப்பு என்று கடைக்காரருக்கு எப்படித் தெரியும்? பகிர்ந்த முகவரியில் இருக்கும் வீட்டின் நிலையும் அதேதான். இதனால்தான் டிடிஎன்எஸ் பெயர் வாங்கினாலும் பயனில்லை. அந்தப் பெயர் பகிர்ந்த எண்ணையே சுட்டும்.

நிறுவனமே அந்தப் பெரிய பெட்டியில் நமக்காக ஒரு வழி எழுதித் தரலாமே என்று தோன்றும். ஒரு முகவரிக்கு 65,535 வாசல்கள்தான். அவற்றையும் வாடிக்கையாளர்களுக்குள் பங்குபோட்டுத்தான் நிறுவனம் ஓட்டுகிறது. ஒரே முகவரியில் இருக்கும் நூறு வீடுகளில் இருபது வீட்டுக்காரர்கள் 8000 என்ற வாசலைக் கேட்டால் ஒருவருக்குத்தான் தர முடியும். அதனால் பெரும்பாலும் யாருக்கும் தருவதில்லை.

ஆகவே எதையும் வாங்குவதற்கு முன் இரண்டு எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று, ஃபைபர் பெட்டியின் நிலவரப் பக்கத்தில் இருக்கும் WAN IP. மற்றது, உங்கள் ஐபி இது என்று காட்டும் ஏதாவதொரு இணையதளத்தில், வீட்டு வைஃபையிலிருந்தே பார்க்கும்போது வரும் எண். இரண்டும் ஒன்றாக இருந்தால் உங்களுக்குப் பொது முகவரி இருக்கிறது. கோளாறு வீட்டுக்குள் எங்கோ இருக்கிறது. வேறாக இருந்தால், அந்தப் பெட்டியில் எத்தனை முறை வழி எழுதினாலும் திறக்காது. ஒப்பிடும்போது நான்கு பகுதி கொண்ட பழைய முறை எண்ணையே பாருங்கள். நடுவில் எத்தனை நாட் என்று பார்க்க விண்டோஸ் கணினியில் ஒரு கட்டளை உதவும். நமது வீட்டில், மாடி ரூட்டரை மாற்றுவதற்கு முன் கொடுத்திருந்தால், நேரக் கணக்கை நீக்கியபின் அதன் முதல் வரிகள் இப்படி இருந்திருக்கும்:

```
tracert -d 8.8.8.8
1  192.168.0.1
2  192.168.1.1
3  100.72.16.1
```

முதல் இரண்டு வரிகளும் வீட்டில் இருக்கும் இரண்டு ரூட்டர்கள். மூன்றாவது, நிறுவனத்தின் உள் வலை. இரண்டு சிக்கலும் ஒரே வீட்டில் இருப்பது இதில் தெரிகிறது. இன்னொன்று: வெளி முகவரியை வீட்டு வைஃபையிலிருந்தே சோதிக்காதீர்கள். உள்ளிருந்து போய் உள்ளேயே திரும்பும் அழைப்பைப் பல ரூட்டர்கள் கையாளுவதில்லை. மொபைல் டேட்டாவிலிருந்து சோதித்தால்தான் முடிவை நம்பலாம்.

பகிர்ந்த முகவரி என்று உறுதியானால், நிறுவனத்திடம் பொது முகவரி கேட்கலாம். பலர் ஸ்டாட்டிக் ஐபி என்று கேட்டுக் கூடுதல் கட்டணத்தைக் கேட்டதும் பின்வாங்குகிறார்கள். அவ்வப்போது மாறும் பொது முகவரியே போதும். மாறும்போதெல்லாம் டிடிஎன்எஸ் அதைப் பின்தொடரும். அப்படித் தருவார்களா என்று தனியாகக் கேளுங்கள். புதிய ஐபிவி6 முறையில் முகவரிக்குப் பஞ்சமில்லை என்பதால் பகிரும் தேவையே எழாது. ஆனால் பழைய என்விஆர்கள் பலவற்றுக்கு அது தெரியாது, பார்க்கும் முனையிலும் ஐபிவி6 இருக்க வேண்டும், ரூட்டரின் ஃபயர்வாலும் வெளி அழைப்பைத் தடுத்தே வைத்திருக்கும்.

கேமராவோடு வரும் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் மட்டும் எப்படித் திறக்கிறது என்று பலர் கேட்கிறார்கள். அங்கே என்விஆரே உள்ளிருந்து தயாரிப்பாளரின் சர்வரை அழைத்துக் காத்திருக்கிறது. வெளியிலிருந்து யாரும் உள்ளே வர வேண்டியதில்லை. சர்வர் இரு முனைகளையும் நேரே கோத்துவிட முயலும். பகிர்ந்த முகவரிகளின் நாட் கடுமையாக இருந்தால் அது முடியாமல், படம் முழுவதும் சர்வர் வழியாகவே சுற்றி வரும். தெளிவு குறைவதும் தாமதமாவதும் அப்போதுதான். வாசலை மட்டும் பார்த்தால் போதும் என்பவர்களுக்கு இது சரிதான். உங்கள் வீட்டுப் படத்தின் பாதை இன்னொருவர் சர்வரை நம்பியிருக்கிறது என்பது மட்டும் தெரிந்திருக்கட்டும்.

பொது முகவரி கிடைத்தாலும் கேமராவின் வாசலை இணையத்துக்கு நேராகத் திறந்துவைக்காதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து. 2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் லட்சக்கணக்கில் பிடித்து, அவற்றைக் கொண்டே பெரும் இணையச் சேவைகளை முடக்கியது. 2021இல் ஹிக்விஷன் கேமராக்களில் வெளிப்பட்ட ஓட்டையில் கடவுச்சொல்லே தேவைப்படவில்லை. அந்தப் பக்கத்துக்கு வந்துசேர முடிந்தாலே போதுமாக இருந்தது.

நான் பரிந்துரைப்பது விபிஎன். வீட்டில் எப்போதும் ஓடும் ஒரு ராஸ்பெரி பை அல்லது பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போட்டு, டெயில்ஸ்கேல் நிறுவி, கைபேசியிலும் அதையே நிறுவிக்கொள்ளலாம். தனிநபர் பயன்பாட்டுக்குக் கட்டணம் இல்லை. இரு முனைகளும் உள்ளிருந்தே வெளியே அழைப்பதால் பகிர்ந்த முகவரி தடையாகாது. என்விஆரிலேயே அதை நிறுவ முடியாது என்பதால், வீட்டு வலை முழுவதற்கும் அந்தக் கணினியை வழிகாட்டியாக அறிவிக்க வேண்டும்:

```
sudo tailscale up --advertise-routes=192.168.1.0/24
```

இதற்குமுன் லினக்ஸில் ஐபி ஃபார்வர்டிங்கை இயக்கியிருக்க வேண்டும். பிறகு டெயில்ஸ்கேலின் நிர்வாகப் பக்கத்தில் அந்த வழிக்கு ஒப்புதல் தர வேண்டும். இந்த இரண்டில் ஒன்று விட்டுப்போனாலும், கணினி தெரியும், கேமரா தெரியாது. அதன்பின் எங்கிருந்தாலும் செயலியில் 192.168.1.50 என்ற வீட்டெண்ணையே போட்டுப் பார்க்கலாம். Port Forwarding பக்கத்தில் எழுதிய வழிகளை அழித்துவிடலாம். முடிந்தால் வீட்டு வலையின் எண்ணை 192.168.73 போல அதிகம் புழங்காத ஒன்றாக மாற்றிவிட்டு, மேலே உள்ள கட்டளையிலும் அதையே போடுங்கள். நீங்கள் போய் உட்காரும் அலுவலக வைஃபையும் 192.168.1 என்றே இருந்தால், கைபேசி உங்கள் கேமராவை அந்த அலுவலகத்துக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும்.