ஐந்து வருடத்துக்கு முன் பி.எஃப். எடுத்தால் வரி எப்படி?

வேலையை விட்டவுடன் பி.எஃப். பணத்தை எடுத்துவிடுவது நம் ஊரில் சகஜம். எடுத்தவர்கள் கேட்கும் கேள்வியும் எப்போதும் ஒன்றுதான்: "என் பணத்தை நான் எடுத்ததுக்கு எதுக்குங்க பத்து பர்சென்ட் பிடிச்சாங்க?" இந்தப் பத்து சதவீதத்துக்குப் பின்னால் இருக்கும் விதியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். பிடித்த பணம் பலருக்குத் திரும்பி வர வேண்டிய பணம். சிலருக்கோ அது கட்ட வேண்டியதில் ஒரு பகுதிதான்.

2026 மார்ச் வரையிலான காலத்துக்கு 1961-ஆம் வருட வருமான வரிச் சட்டத்தின் நான்காவது அட்டவணையில் இதற்கான விதிகள் இருக்கின்றன. எட்டாம் விதி சொல்வது எளிமையானது. ஐந்து வருடம் தொடர்ந்து பணி செய்துவிட்டு எடுத்தால் வரி கிடையாது. ஐந்து வருடம் ஆகாவிட்டாலும், உடல்நலம் கெட்டோ, கம்பெனி ஆள் குறைத்தோ, மூடியோ, ஊழியரின் கையில் இல்லாத வேறு காரணத்தாலோ வேலை போயிருந்தால் அப்போதும் வரி இல்லை. தானாக ராஜினாமா செய்தவருக்குத்தான் சிக்கல். கிராஜுவிட்டியில் பேசப்படும் "நாலு வருஷம் 240 நாள்" கணக்கு இங்கே செல்லாது. ஐந்து வருடம் என்றால் முழுசாக ஐந்து வருடம்.

ஆனால் அந்த ஐந்து வருடமும் ஒரே கம்பெனியில் இருக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை. பழைய கம்பெனியின் பி.எஃப். தொகையைப் புதிய கணக்குக்கு மாற்றியிருந்தால் பழைய சர்வீஸும் சேரும். நடுவில் சில மாதம் சும்மா இருந்திருந்தாலும் இரண்டு பணிக்காலங்களையும் கூட்டிக்கொள்ளலாம். மாற்றாமல் எடுத்துவிட்டால் அந்த வருடங்கள் கணக்கிலிருந்து போயே போய்விடும். மாற்றாமல் அப்படியே விட்டிருந்தால், கணக்கு மாற்றும் வரை அவை சேராது.

சரி, ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். நம் ஆள் திருப்பூரில் ஒரு கம்பெனியில் ஒன்றரை வருடம் வேலை பார்த்தார். பிறகு கோவையில் இன்னொரு கம்பெனியில் 2020 ஜனவரி முதல் 2023 டிசம்பர் வரை நான்கு வருடம். பிறகு ராஜினாமா. மாதச் சம்பளம் 28,000 ரூபாய், அதில் பி.எஃப். பிடிக்கும் அடிப்படைச் சம்பளம் 20,000. கணக்கு எளிதாக இருக்க நான்கு வருடமும் இதே சம்பளம் என்று வைத்துக்கொள்வோம்.

அவரிடம் பிடிப்பது 12 சதவீதம், அதாவது மாதம் 2,400. கம்பெனியும் 2,400 போடுகிறது. ஆனால் அதில் 1,250 பென்ஷன் திட்டத்துக்குப் போய்விடும், பி.எஃப். கணக்கில் விழுவது 1,150 மட்டுமே. 48 மாதத்தில் அவர் பங்கு 1,15,200. கம்பெனி பங்கு 55,200. எட்டேகால் சதவீத வட்டி என்று போட்டால் அவர் பங்குக்குச் சுமார் 20,000, கம்பெனி பங்குக்குச் சுமார் 9,600. மொத்தம் 2 லட்சம்.

2024 மார்ச்சில் படிவம் 19 போட்டு இதை எடுக்கிறார். தொகை 50,000-க்கு மேல், சர்வீஸ் ஐந்துக்குக் கீழ். எனவே 192ஏ பிரிவின்படி 10 சதவீதம், 20,000 ரூபாய், பிடித்துக்கொண்டு 1,80,000 வருகிறது. (பான் இணைக்காமல் இருந்தால் 20 சதவீதம் போயிருக்கும்.)

இங்கேதான் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். அந்த 20,000 முன்கூட்டிப் பிடித்து வைத்த பணம். உண்மையான வரி எவ்வளவு என்பது தனிக் கணக்கு. ஒன்பதாம் விதி அதைச் சொல்கிறது: இந்த நிதி ஆரம்பத்திலிருந்தே அங்கீகாரம் இல்லாத நிதியாக இருந்திருந்தால் வருடா வருடம் எவ்வளவு வரி கூடியிருக்குமோ, அதை இப்போது கட்ட வேண்டும். நடைமுறையில் பணத்தை நான்காகப் பிரித்துப் பார்க்கிறார்கள். கம்பெனி பங்கும் அதன் வட்டியும் சம்பளம். சொந்தப் பங்கின் வட்டி பிற வருமானம். சொந்தப் பங்கு அவர் ஏற்கனவே வாங்கிய சம்பளம்தான், அதனால் அதற்கு மறுபடி வரி இல்லை. ஆனால் அதைக் காட்டி 80சி-யில் வரி குறைத்திருந்தால், குறைத்த அந்த வரி திரும்பப் போக வேண்டும்.

நம் ஆளுக்கு இதைப் பொருத்துவோம். 2023-24-இல் ஒன்பது மாதச் சம்பளம் 2,52,000. கம்பெனி பங்கும் வட்டியும் 64,800. சொந்தப் பங்கின் வட்டி 20,000. கூட்டினால் 3,36,800. நிலையான கழிவு 50,000 போக 2,86,800. புதிய முறையில் அந்த வருடம் 3 லட்சம் வரை வரியே இல்லை. முந்தைய வருடங்களிலும் அவர் வருமானம் 5 லட்சத்துக்கு ரொம்பக் கீழே இருந்ததால், 80சி இருந்தாலும் இல்லாவிட்டாலும் தள்ளுபடியில் வரி பூஜ்யம்தான். ஆக, திருப்பித் தர வேண்டிய சலுகை எதுவும் இல்லை. அவர் கட்ட வேண்டிய வரி பூஜ்யம். பிடித்த 20,000-மும் அவருடையது. ஆனால் ரிட்டர்ன் போட்டால்தான் வரும். "எனக்குத்தான் வரியே கிடையாதே, ரிட்டர்ன் எதுக்கு"ன்னு விட்டுவிட்டால் கிட்டத்தட்ட ஒரு மாதச் சம்பளம் அரசாங்கத்திடமே தங்கிவிடும். வரி வராது என்று முன்பே தெரிந்திருந்தால், க்ளெய்முடன் 15ஜி படிவம் கொடுத்து பிடித்தத்தையே தவிர்த்திருக்கலாம்.

இப்போது அதே 2 லட்சத்தை 30 சதவீத வரம்பில் இருப்பவர் எடுத்தார் என்று வையுங்கள். நான்கு வருடமும் 80சி-யில் முழுப் பலன் எடுத்தவர். அவருக்கு நான்கு பகுதியும் வரிக்குள் வரும். வரி 60,000, செஸ் சேர்த்து 62,400. பிடித்ததோ 20,000. மீதி 42,400 அவர் கையிலிருந்து போக வேண்டும். "அதான் பிடிச்சுட்டாங்களே" என்று ரிட்டர்னில் காட்டாமல் விட்டால், 26ஏஎஸ்-இல் அந்தத் தொகை இருப்பதால் நோட்டீஸ் வர வாய்ப்பு அதிகம்.

கடைசியாகத் திருப்பூர்க் கணக்குக்கு வருவோம். அந்த ஒன்றரை வருடப் பணத்தை அவர் எடுக்கவும் இல்லை, மாற்றவும் இல்லை. படிவம் 19 போடுவதற்கு முன் அதைக் கோவைக் கணக்குக்கு மாற்றியிருந்தால் சர்வீஸ் ஐந்தரை வருடம். பிடித்தம், ரிட்டர்ன், ரீஃபண்டுக்குக் காத்திருப்பது என்று ஒன்றுமே இருந்திருக்காது. அந்த 30 சதவீதக்காரர் இடத்தில் இருந்திருந்தால் 62,400 மிச்சம்.

எனவே க்ளெய்ம் போடும் முன் யூ.ஏ.என். தளத்தில் `Service History` பக்கத்தைத் திறந்து பாருங்கள். நீங்கள் வேலை பார்த்த கம்பெனிகள் எல்லாம் இருக்கிறதா, சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் சரியா என்று பார்க்க வேண்டும். பிறகு பாஸ்புக்கில் ஒவ்வொரு உறுப்பினர் எண்ணையும் தனித்தனியாகத் திறந்து பாருங்கள். பழைய எண்ணில் இன்னும் இருப்பு தெரிந்தால் அது மாற்றப்படவில்லை என்று அர்த்தம். முதலில் அதை மாற்றுங்கள், அது புதிய பாஸ்புக்கில் ஏறியதைப் பார்த்த பிறகு படிவம் 19-ஐத் தொடுங்கள். வரிசை மாறினால் பின்னால் சரிசெய்வது கஷ்டம்.