ஒரே வீட்டில் இரண்டு ‘நான்’

தன்னை எழுதுதல் – 17

உ.வே.சா. 1940-இல் ஆனந்த விகடனில் ‘என் சரித்திர’த்தை வாரம் ஒரு அத்தியாயமாக எழுதத் தொடங்கி, முடிக்காமலே 1942-இல் மறைந்தார் என்பதோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். தொடர்ந்து படிப்பவர்களுக்கு இதற்கு மேல் நினைவூட்டத் தேவையில்லை.

சிவகாசித் தீப்பெட்டி ஆலைக்குப் போன பிள்ளைகளின் கதையை யார் எழுதினார்கள் என்று இந்த வாரம் பார்ப்பதாகச் சொல்லியிருந்தேன். அதற்காக பாமாவின் ‘கருக்கு’வை மறுபடி எடுத்தேன். பக்கத்திலேயே ராஜ் கௌதமனின் ‘சிலுவைராஜ் சரித்திர’மும் இருந்தது. இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்ததில் ஒரு விஷயம் என்னைப் பிடித்துக்கொண்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், மலையடிவாரத்தில், வத்திராயிருப்பை ஒட்டி இருக்கிறது புதுப்பட்டி. அந்த ஊரின் ஒரு தலித் கிறிஸ்தவக் குடும்பம். அப்பா ராணுவத்தில் இருந்தவர். மகன் 1950-இல் பிறந்தார், மகள் 1958-இல். மகள்தான் பாமா, 1992-இல் ‘கருக்கு’ எழுதினார். மகன்தான் ராஜ் கௌதமன். பத்து வருடம் கழித்து, 2002-இல், அவருடைய ‘சிலுவைராஜ் சரித்திரம்’ வந்தது. ஒரே வீடு, ஒரே தெரு, ஒரே கோயில் மணி. ஆனால் ‘கருக்கு’ முழுக்க ‘நான்’ என்று பேசுகிறது. அந்த ‘நான்’ யார் என்று ஓரிடத்திலும் பெயர் சொல்வதில்லை. ‘சிலுவைராஜ் சரித்திர’த்தில் பெயர் அட்டையிலேயே இருக்கிறது, உள்ளே ‘நான்’ இல்லை, ‘அவன்’தான். தங்கை பெயரை விட்டுவிட்டு ‘நானை’ வைத்துக்கொண்டார். அண்ணன் ‘நானை’ விட்டுவிட்டுப் பெயர் ஒன்றை உண்டாக்கிக்கொண்டார்.

இந்தத் தொடரின் ஆரம்பத்தில் பிலிப் லெழானைப் பற்றி எழுதியிருந்தேன். எழுதியவர், சொல்பவர், கதையில் வருபவர் மூவருக்கும் ஒரே பெயர் இருந்தால் அது சுயசரிதை என்று 1975-இல் இலக்கணம் வகுத்த பிரெஞ்சுக்காரர். அந்த இலக்கணத்தில் புதுப்பட்டியின் இந்த இரண்டு புத்தகங்களும் அடங்குவதில்லை. ஆனாலும் இரண்டையும் சொந்த வாழ்க்கையாகத்தான் நாம் படிக்கிறோம். ஆகவே பெயர் பொருந்துகிறதா என்று பார்ப்பதைவிட, எழுதுகிறவர் தனக்கும் தன் பழைய தனக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விடுகிறார், அதை எங்கே விடுகிறார் என்று பார்ப்பதுதான் பயன் தரும். ஏட்டில் ஒரு ‘நான்’ உருவாவது அந்த இடைவெளியில்தான்.

‘கருக்கு’வில் எல்லோரும் நினைவில் வைத்திருக்கும் பொட்டலம் காட்சியையே எடுத்துக்கொள்வோம். மூன்றாம் வகுப்புப் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வருகிறாள். பத்து நிமிட நடைதான், ஆனால் வந்து சேர வெகுநேரம் ஆகிறது. வழியெல்லாம் வேடிக்கை: குரங்காட்டி, பாம்பாட்டி, கடைகள், தின்பண்டம். பாமா இதைப் பொறுமையாக, ஒன்றையும் விடாமல் அடுக்கிக்கொண்டே போகிறார். தெருவுக்குள் நுழையும்போது களத்தில் சூடடித்துக்கொண்டிருக்கிறார்கள். நிலக்கார முதலாளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். அவள் தெருவைச் சேர்ந்த ஒரு பெரியவர் கடைத்தெருப் பக்கமிருந்து வருகிறார். கையில் வடைப் பொட்டலம். பொட்டலத்தில் கை படாமல் அதன் சரட்டை மட்டும் பிடித்துத் தூக்கிவந்து, குனிந்து கொடுக்கிறார். அவ்வளவு பெரிய மனுசர் இப்படித் தூக்கிவருவதைப் பார்த்துப் பிள்ளைக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வருகிறது. வீட்டுக்குப் போய் அண்ணனிடம் சொல்லிச் சிரிக்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. நாம் தொட்டால் தீட்டு என்பதால்தான் அவர் அப்படித் தூக்கிவந்தார் என்று விளக்குகிறான். அதற்குப் பிறகு அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

இதில் செய்நேர்த்தி எங்கே இருக்கிறது? எழுதும்போது பாமாவுக்கு முப்பது வயது கடந்துவிட்டது. ஏழு வருடம் கன்னியர் மடத்தில் இருந்துவிட்டு வெளியே வந்திருந்தார். அந்தப் பொட்டலத்துக்கு என்ன அர்த்தம் என்பது முதல் வரியை எழுதும்போதே அவருக்குத் தெரியும். தெரிந்ததை அண்ணன் வாயைத் திறக்கும்வரை பிடித்து வைத்திருக்கிறார். குரங்காட்டியும் பாம்பாட்டியும் அத்தனை நீளமாக வருவதற்குக் காரணமும் இதுதான். அவற்றைப் பார்த்துக்கொண்டே வரும் வாசகர் வேடிக்கை மனநிலைக்கு வந்துவிடுகிறார். பெரியவர் பொட்டலத்தோடு வரும்போது அவரும் வேடிக்கைகளில் ஒன்றாகிவிடுகிறார். பிள்ளையோடு சேர்ந்து நாமும் சிரித்துவிடுகிறோம். அண்ணன் பேசியதும் சிரித்ததற்காகக் கூசுவது பிள்ளை மட்டுமில்லை. தொடக்கத்திலேயே ‘தீண்டாமையை நான் முதன்முதலில் கண்ட நாள்’ என்று அறிவித்திருந்தால் நமக்குக் கோபம் வந்திருக்கும். இந்தக் கூச்சம் வந்திருக்காது.

மொழியும் இதற்கு ஒத்துழைக்கிறது. உரையாடலை மட்டும் வட்டார வழக்கில் வைத்து, கதை சொல்லும் குரலைப் பொதுத் தமிழில் வைப்பதுதான் அன்று பெருவழக்கு. ‘கருக்கு’வில் சொல்லும் குரலே தெருவின் பேச்சுத் தமிழ். அதனால் அன்று சிரித்த பிள்ளையும் இன்று எழுதும் ஆசிரியையும் ஒரே வாயால் பேசுகிறார்கள். இருவருக்கும் நடுவிலுள்ள இடைவெளி மொழியில் இல்லை. யாருக்கு எப்போது என்ன தெரிந்தது என்பதில் மட்டும்தான் இருக்கிறது.

இந்த இடைவெளி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதையும் அதே புத்தகத்தில் பார்க்கலாம். ஊர்ப் பகுதிகள் இருபது, இருபத்தைந்து வருடத் தொலைவிலிருந்து எழுதப்பட்டவை. மடத்துப் பகுதிகள் காயம் ஆறுவதற்கு முன் எழுதப்பட்டவை. மடத்தை விட்டு வந்த அதே 1992-இல்தான் புத்தகமும் வந்தது. மடத்துப் பக்கங்களில் காட்சிகள் குறைந்து வாதம் கூடுகிறது. ஏழைகளுக்காக என்று சொல்லிக்கொண்டு வசதியாக வாழ்வதைப் பற்றிய அதே ஆற்றாமை திரும்பத் திரும்ப வருகிறது. புத்தகம் காலவரிசையில் போகாமல் வேலை, விளையாட்டு, படிப்பு, பக்தி என்று பொருள்வாரியாகப் போவதால், மடத்து நினைவு வேறு அத்தியாயங்களுக்குள்ளும் புகுந்துவிடுகிறது. அந்தப் பக்கங்களில் எழுதுகிறவருக்கும் பட்டவருக்கும் நடுவில் இடமே இல்லை. அவற்றின் வலி உண்மையானது. ஆனால் அந்த வலி பொட்டலம் காட்சியைப் போல வாசகரை உள்ளே இழுத்துக்கொள்வதில்லை. தன்வரலாறு எழுத நினைப்பவர்கள் இதைக் கவனிக்கலாம். காட்சி தானாகவே தீர்ப்பாக மாறத் தொடங்கினால், அந்த அனுபவத்துக்கு இன்னும் கொஞ்சம் காலம் தேவைப்படுகிறது என்று பொருள்.

இனி அந்த அண்ணனிடம் வருகிறேன். ‘கருக்கு’வில் அண்ணன் எல்லாம் தெரிந்தவன். பொட்டலத்தின் பொருளை விளக்குபவன் அவனே. படித்து முன்னுக்கு வந்தால் இந்த இழிவுகளைத் தூக்கி எறியலாம் என்று சொல்பவனும் அவனே. அந்த ஒரு பேச்சில்தான் தங்கை வகுப்பில் முதலாவதாக வருகிறாள். நூலகத்தில் கையெழுத்துப் போடும்போது பெயருக்குப் பக்கத்தில் எம்.ஏ. என்று எழுதியதும், அங்கிருந்தவர் ஸ்டூல் கொண்டுவந்து போட்டு ‘சார்’ என்று கூப்பிட்டதையும் அவன் தங்கையிடம் சொல்கிறான். அவன் சொல்லை அவள் ஒருபோதும் சந்தேகிப்பதில்லை.

பத்து வருடம் கழித்து அந்த அண்ணனே பேனாவை எடுத்துத் தன்னை எழுதியபோது எப்படி எழுதினார்? சிலுவை எல்லாம் தெரிந்தவன் இல்லை. பட்டாளத்திலிருந்து வரும் அப்பாவின் அடிக்குப் பயந்து ஓடுகிற பையன். பாளையங்கோட்டையில் கல்லூரிக்குப் போய்த் திகைத்து நிற்கிறவன். பட்டம் வாங்கிவிட்டு வேலைக்கு அலைகிறவன். தங்கையின் புத்தகத்தில் வழிகாட்டியாக நிற்பவன் தன் சொந்தப் புத்தகத்தில் வழி தேடிக்கொண்டிருக்கிறான். இந்த வாரம் என்னைத் தூங்கவிடாமல் செய்தது இதுதான். இரண்டில் ஒன்று பொய் என்று நான் நினைக்கவில்லை. தங்கைக்கு அண்ணன் தெரிந்த விதம் அது. தனக்குத் தான் தெரிந்த விதம் இது. யார் கண்ணில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்தே ஏட்டில் ஒரு மனிதன் உருவெடுக்கிறான்.

ராஜ் கௌதமன் இடைவெளியை ‘அவன்’ என்ற சொல்லில் வைத்தார். அறிவு எப்போது வந்தது என்ற கணக்கு அவருக்குத் தேவைப்படவில்லை. ‘அவன்’ என்று எழுதியதும், ஊரார் ஒரு பையனைப் பற்றித் திண்ணையில் பேசிச் சிரிக்கும் தொனி கைக்கு வந்துவிட்டது. அந்தத் தொனியில் அவமானத்தைச் சொல்லும்போது, தன்னிரக்கம் ஒட்டுவதற்கு இடமில்லை.

அந்தச் சிரிப்பு எவ்வளவு கனத்தைத் தாங்கும் என்பது நாவலின் கடைசிப் பகுதியில் தெரிகிறது. பட்டியல் சாதியினர் யார் என்று வரையறுத்த குடியரசுத் தலைவர் ஆணை 1950-இல் வந்தது. கிறிஸ்தவர்கள் அதில் சேரவில்லை. தெருவில் தலித்தாக நடத்தப்படுகிறவன் சான்றிதழில் தலித் இல்லை. ராஜ் கௌதமன் பிறந்ததும் அதே 1950-இல். வேலை கிடைக்காமல் அலைந்த சிலுவை கடைசியில் இந்துவாக மதம் மாறுகிறான். கழுத்திலும் பெயரிலும் சிலுவையைச் சுமந்தவன் ஒரு காகிதத்துக்காக அதை இறக்கி வைக்க வேண்டியிருக்கிறது. இதை ‘நான்’ என்று எழுதியிருந்தால், ஒவ்வொரு வரியிலும் தன் தரப்பு நியாயத்தைச் சொல்லியே ஆக வேண்டியிருக்கும். ‘அவன்’ என்று எழுதியதால் நியாயம் சொல்லும் வேலை ஆசிரியருக்கு இல்லாமல் போய், அது வாசகர் தலையில் வந்து விழுகிறது.

‘நான்’ என்று எழுதியவர் வேறொரு விலை கொடுத்தார். ‘கருக்கு’ வந்த பிறகு ஊரில் கோபம் எழுந்ததையும், சில மாதங்கள் ஊருக்குள்ளேயே போக முடியாமல் இருந்ததையும் பாமா சொல்லியிருக்கிறார். ஒருத்தி ‘நான்’ என்று எழுதினால் அவள் தெருவும் கூடவே அச்சில் ஏறிவிடுகிறது. அந்தத் தெருவிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்க மாட்டார்கள்.

சிவகாசிப் பிள்ளைகளுக்கு இந்த வாரம் இடம் இவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய வயதில் ஆலைக்குள் அடைபட்டிருக்கும் பிள்ளைகளைப் பற்றி ‘கருக்கு’விலேயே பாமா வேதனையோடு எழுதியிருக்கிறார். ஆனால் அங்கே அவர் வெளியிலிருந்து பார்க்கிறவர். அவர் படிக்கப் போனார், அந்தப் பிள்ளைகள் ஆலைக்குப் போனார்கள். இரண்டு வருடம் கழித்து, 1994-இல், ‘சங்கதி’யில் தீப்பெட்டி ஆலைக்குப் போகும் மைக்கண்ணி என்ற சிறுமி வருகிறாள். அந்தப் புத்தகத்தில் ‘நான்’ பின்னால் நகர்ந்து, பாட்டியையும் தெருப் பெண்களையும் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறது. தன் கதையைத் தானே எழுத வாய்ப்பில்லாத ஒரு பிள்ளைக்கு இன்னொருவருடைய ‘நான்’ எவ்வளவு இடம் கொடுக்க முடியும், எங்கே ஒதுங்கி நிற்க வேண்டும் என்ற கேள்விக்கு மைக்கண்ணியின் பக்கங்களில் ஒரு பதில் இருக்கிறது. அடுத்த வாரம் அவளிலிருந்தே தொடங்குகிறேன். ‘சங்கதி’ வைத்திருப்பவர்கள் அதற்குள் அவள் வரும் அத்தியாயத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.

(தொடரும்)