கடைசிக் கறுப்புப் பந்து

1985 உலக ஸ்னூக்கர் இறுதிப் போட்டி, ஷெஃபீல்டு நகரின் குரூசிபிள் அரங்கில் நடந்தது. ஸ்டீவ் டேவிஸும் டென்னிஸ் டெய்லரும் ஆளுக்கு 17 ஃபிரேம்களை வென்றிருந்தார்கள். முதலில் 18 ஃபிரேம் எடுப்பவருக்கே பட்டம்.

ஃபிரேம் என்பது ஒரு தனி ஆட்டம். அதில் 15 சிவப்புப் பந்துகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. சிவப்பைக் குழியில் தள்ளியவர் அடுத்து ஒரு வண்ணப் பந்தைத் தள்ள வேண்டும். அந்த வண்ணப் பந்து மீண்டும் மேசைக்கு வந்துவிடும். சிவப்புகள் தீர்ந்தபின் மஞ்சள் 2, பச்சை 3, பழுப்பு 4, நீலம் 5, இளஞ்சிவப்பு 6, கறுப்பு 7 என்ற வரிசையில் தள்ள வேண்டும். இப்போது அவை திரும்பி வராது.

அந்தக் கடைசி ஃபிரேமில் டேவிஸ் 62, டெய்லர் 44. மேசையில் பழுப்பு முதல் கறுப்பு வரை நான்கே பந்துகள், மொத்தம் 22 புள்ளிகள். நான்கையும் தள்ளினால்தான் டெய்லருக்கு 66.

பழுப்பைத் தொட வேண்டிய வெள்ளைப் பந்து முதலில் நீலத்தைத் தொட்டிருந்தால் அது ஃபவுல். தவறு செய்தவரின் புள்ளி குறையாது. எதிராளிக்குக் குறைந்தது 4, அதிகபட்சம் 7 சேரும். இங்கே நீலத்துக்குரிய 5 சேர்ந்து டேவிஸ் 67 ஆகியிருப்பார். பிறகு எல்லாப் பந்தையும் தள்ளினாலும் டெய்லருக்குப் போதாது. டேவிஸ் ஃபவுல் செய்தால்தான் வழி.

டெய்லர் மூன்று பந்துகளைத் தள்ளி 59-ஐ எட்டினார். கறுப்பில் இருவருமே தவறவிட்டார்கள். கடைசியில் டெய்லர் அதைத் தள்ளி, 66-62 என ஃபிரேமையும் 18-17 எனப் பட்டத்தையும் வென்றார்.