கூரை புராணம் – 9: கோடு பிசகாத துத்தநாகம்

பாரிஸ் நகரத்தின் சாம்பல் நிறக் கூரைகளில் பெரும்பாலானவை துத்தநாகத் தகடுகள்தான். அவற்றை வேயும் கைத்தொழிலை 2024-இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. துத்தநாகக் கூரையில் ஒரு வகை உண்டு. நீண்ட தகடுகளின் ஓரங்களை நிமிர்த்தி, பக்கத்துத் தகட்டின் ஓரத்தோடு சேர்த்து இரண்டு சுற்று மடிப்பார்கள். அப்படி நிற்கும் மடிப்பின் உயரம் சுமார் 25 மி.மீ. கீழிருந்து பார்த்தால் முகட்டிலிருந்து இறவாரம் வரை இழுத்த இணைகோடுகள் போலத் தெரியும்.

அந்தக் கோடுகள் ஒரே இடைவெளியில் அமைவது மடிப்பவரின் கையில் மட்டும் இல்லை. தகடு வெட்டுவதற்கு முன்பே போடும் கணக்கில் இருக்கிறது.

கூரையின் அகலம் 9.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 600 மி.மீ. சுருளில் மடிப்புக்கு 70 மி.மீ. போனால் மிஞ்சுவது 530. தகடுகளுக்கிடையே அடியில் 3 மி.மீ. இடைவெளி விடவேண்டும். வெயிலில் தகடு அகலவாக்கிலும் விரியும்; நெருக்கிப் பொருத்தினால் பரப்பு அலை அலையாகப் புடைத்துவிடும். ஆக, ஒரு மடிப்பிலிருந்து அடுத்தது 533 மி.மீ. இப்படியே ஒரு ஓரத்தில் தொடங்கிப் போனால் 17 தகடுகளுக்குப் பிறகு சுமார் 44 செ.மீ. மிஞ்சும். கடைசியில் ஒல்லியாக ஒரு தகடு வந்து கண்ணை உறுத்தும். அதனால் 9.5 மீட்டரை 18-ஆல் வகுக்கிறார்கள். ஒவ்வொரு பங்கும் சுமார் 528 மி.மீ. சுருளின் ஓரத்தில் 5 மி.மீ. நறுக்கினால் போதும், எல்லாத் தகடும் ஒரே அளவு.

இனி அடிப்பலகையில் நூல் அடிக்கவேண்டும். ஒவ்வொரு தகட்டையும் முந்தைய தகட்டிலிருந்து அளந்தால் கெட்டது கதை. தகட்டுக்கு 2 மி.மீ. பிசகினாலும் 18 தகடு முடியும்போது 36 மி.மீ. ஆகிவிடும். எனவே டேப்பை ஒரே ஓரத்தில் பிடித்துக்கொண்டு 528, 1056, 1583 என்று முகட்டிலும் இறவாரத்திலும் தனித்தனியாகக் குறித்து, இரு குறிகளையும் நூலால் சேர்க்கிறார்கள். அதற்கு முன் மூலைமட்டமும் பார்த்துவிட வேண்டும். பக்கச் சுவர் கோணலாக இருந்தால் அந்த வித்தியாசத்தை இரு ஓரத் தகடுகளில் மட்டும் பங்கிட்டுவிடலாம்; நடுவிலுள்ள கோடுகள் நேராகவே நிற்கும்.

தகட்டைப் பலகையோடு பிடித்திருப்பவை மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் கிளிப்புகள். தகட்டின் ஒரு பகுதியில் மட்டும் அசையாத கிளிப்பு. மற்ற இடங்களில் நகர்ந்து கொடுக்கும் கிளிப்பு. 60 டிகிரி வெப்ப வித்தியாசத்தில் 5 மீட்டர் தகடு ஏறக்குறைய 7 மி.மீ. நீளும். அது நீள இடமில்லாவிட்டால், நேராக அடித்த நூலால் பயனில்லை.

வேலையைச் சரிபார்க்க, மாலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் இறவாரத்திலிருந்து மடிப்பின் நீளவாக்கில் ஒற்றைக் கண்ணால் பாருங்கள். கோணலும் புடைப்பும் உடனே தெரியும். மடித்து முடித்த பிறகு கோணலை நிமிர்த்த வழியில்லை. அந்தத் தகடுகளைக் கழற்றி, புதிதாகத்தான் போடவேண்டும்.