டாலர் 83-ஐத் தொட்டபோது

2022 அக்டோபர் 19. டாலர் மதிப்பு முதன்முறையாக 83 ரூபாயைத் தாண்டியது. இன்னும் ஏறும் என்றே பலரும் பேசிக்கொண்டார்கள்.

அன்று திருப்பூரில் ஒரு சிறு பனியன் ஏற்றுமதியாளர் இருந்ததாக வைத்துக்கொள்வோம். ஜனவரியில் அவருக்கு 50,000 டாலர் வரவேண்டும். ஆகஸ்டில் ஆர்டர் பிடித்தபோது டாலருக்கு 79 ரூபாய் கணக்குப் போட்டுத்தான் விலை சொல்லியிருந்தார். சார்ட்டில் அவர் முதலில் போட வேண்டிய கோடு இந்த 79 தான். 83-க்கும் அதற்கும் உள்ள 4 ரூபாய், மொத்தத்தில் 2 லட்சம்.

அந்த உயரத்தில் பாதித் தொகையை வங்கியில் ஃபார்வர்டு போட்டுவிடுவதே விவேகம். நவம்பர் 11-இல் டாலர் 81-க்குக் கீழே இறங்கியது. அன்றைய விலைப்படி, திறந்து விட்ட 25,000 டாலரில் சுமார் 50,000 ரூபாய் குறைந்திருக்கும். பூட்டிய பாதி அசையாது.

சார்ட் காட்டுவது அன்றைய ஸ்பாட் விலை. வங்கி தரும் ஃபார்வர்டு விலையோ, இந்திய, அமெரிக்க வட்டி வித்தியாசத்தால் வரும் பிரீமியத்தைச் சேர்த்து, வங்கியின் மார்ஜினைக் கழித்தது. ஆகவே 83 என்று பார்த்து மகிழுமுன், ஜனவரிக்கு என்ன விலை என்று கேட்க வேண்டும்.

வாங்குபவர் பணத்தைத் தாமதித்தால் ஒப்பந்தத்தை நீட்டிக்கவோ ரத்து செய்யவோ செலவாகும். வரும் தேதி உறுதியில்லாத பணத்தை முழுவதுமாகப் பூட்டாதீர்கள்.