எந்த அறையும் தனித்தீவு இல்லை

கணினி விளையாட்டில் ஒரு பாதாளக் கோட்டை. ஆடும் ஒவ்வொரு முறையும் அறைகள் புதிதாக மாறிவிடும். அப்படியிருந்தும் வழியே இல்லாத அறைக்குள் புதையல் சிக்கிக்கொள்வதில்லையே, எப்படி?

1980-இல் வந்த 'ரோக்' விளையாட்டைப் பாருங்கள். மூன்றுக்கு மூன்று கட்டம், கட்டத்துக்கு ஓர் அறை. கணினி ஏதோ ஓர் அறையில் தொடங்கும். இன்னும் இணையாத பக்கத்து அறைக்கு ஒரு நடைவழி போடும். பக்கத்தில் அப்படி அறை இல்லையா? ஏற்கெனவே இணைந்த இன்னோர் அறைக்குத் தாவி, அங்கிருந்து தொடரும். புது அறை எப்போதும் இணைந்த கூட்டத்தோடுதான் சேர்கிறது. அதனால் எதுவும் தனித்து நிற்காது.

கடைசியில் சில உபரி வழிகளும் உண்டு. அரக்கன் துரத்தினால், சுற்றிக்கொண்டு ஓடலாம் பாருங்கள்!