இரண்டு மேசைகளுக்கு நடுவே

கோவையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தை நான் கவனித்துக்கொண்டிருந்த காலம். 20ஆம் தேதிக்குள் போக வேண்டிய ஒரு ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன் 22ஆம் தேதிதான் போனது. நாளுக்கு 50 ரூபாய் வீதம் தாமதக் கட்டணம் 100 ரூபாய். பணம் பெரிதில்லை. தாமதத்துக்கான காரணம்தான் என்னை உறுத்தியது. நான்கு கொள்முதல் பில்கள் வரவில்லை என்பது இளைஞர் ஒருவருக்குத் தெரியும். எதிர் மேசையில் இருந்த மூத்த பெண் ஊழியரிடம் அதைச் சொல்ல வேண்டும். ஆனால் மூன்று மாதமாக இருவருக்கும் பேச்சு இல்லை. பயிற்சிக்கு வந்த பெண் மூலமாகத்தான் தகவல் போய்க்கொண்டிருந்தது. அன்று அவள் விடுப்பு.

ஏழு பேர் உட்காரும் ஒரே கூடம் அது. இருவர் முறைத்துக்கொண்டால் மற்ற ஐவரும் பக்கம் சேர வேண்டியதாகிவிடுகிறது. மதியச் சாப்பாடு இரண்டு பந்தியானபோதே நான் விழித்திருக்க வேண்டும்.

முதலில் இருவரையும் ஒரே நாளில் தனித்தனியாக, கூடத்துக்கு வெளியே சந்தித்தேன். ஒருவரை இன்றும் மற்றவரை நாளையும் பார்த்தால், முந்தியவர் பேச்சை நம்பிவிட்டேன் என்று இரண்டாமவர் நினைப்பார். இருவரிடமும் கேள்வி ஒன்றுதான்: “கடைசியா என்னைக்கு, என்ன நடந்தது?” ஏன் என்று கேட்டால் குணத்தைத்தான் சொல்வார்கள். “அவனுக்கு மரியாதையே தெரியாதுங்க” என்றுதான் அவரும் ஆரம்பித்தார். என்ன செய்தார் என்று திரும்பத் திரும்பக் கேட்டபின் விஷயம் வந்தது. அவர் கூட்டல் சரிபார்க்கும் நேரத்தில் எதிர் மேசையில் ஸ்பீக்கரில் போன் ஓடுகிறது. இளைஞர் சொன்னது வேறு. தன் பதிவில் தவறு இருந்தால் வாடிக்கையாளர் முன்னாலேயே சத்தமாகச் சொல்லிவிடுகிறாராம். அதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது.

ஒவ்வொரு பேச்சின் முடிவிலும், “இதில் எதை நான் அவரிடம் சொல்லலாம்?” என்று கேட்டுக்கொண்டேன். அனுமதி இல்லாதது என்னோடு நின்றது. நல்லெண்ணத்தோடு செய்யப்படும் பல சமாதானங்கள் கெடுவது இங்கேதான். ஒருவர் மனம்விட்டுச் சொன்னதை மற்றவரிடம் போய்ச் சொன்னால் அது கோள்.

மேலாண்மைச் சிந்தனையாளர் மேரி பார்க்கர் ஃபோலெட் 1925இல் ஆற்றிய ஓர் உரையில் ஒரு நூலக அனுபவத்தைச் சொல்கிறார். சிறிய அறையில் ஒருவர் சன்னலைத் திறக்கச் சொல்ல, ஃபோலெட்டோ மூடச் சொன்னார். ஆளில்லாத பக்கத்து அறையின் சன்னலைத் திறந்தார்கள். அவருக்கு வேண்டியது காற்று, இவருக்கு வேண்டியது வாடை நேராக மேலே படாமை. இருவர் காரியமும் நடந்தது.

எங்கள் கூடத்தில் அந்தச் சன்னல் எதுவென்று தேடினேன். அந்த ஸ்பீக்கர் போன்களில் பாதி, வராத பில்லைக் கேட்பதற்காகப் போனவை. அதைக் கேட்பது யார் வேலை என்று நாங்கள் யாரும் முடிவு செய்திருக்கவே இல்லை. அக்கா வேலை என்று அவரும், தம்பி வேலை என்று இவரும் இருந்துவிட்டார்கள். தவறு என் பக்கமும் இருந்தது. அதை இருவரிடமும் ஒப்புக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து மூவரும் உட்கார்ந்தோம். எதிரெதிரே இல்லை, மேசை மூலையின் இருபுறமும். ஒருவர் ஐந்து நிமிடம் பேச வேண்டும். மற்றவர் பதில் சொல்லும் முன், கேட்டதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். அந்தப் பெண் திருப்பிச் சொன்னது தவறாக இருந்தது. “இல்லீங்க அக்கா, நான் சொன்னது அது இல்லீங்க” என்றார் இளைஞர். மூன்று மாதத்தில் அவர் வாயில் வந்த முதல் ‘அக்கா’ அதுதான்.

முடிவுகளைத் தாளில் எழுதினோம். 14ஆம் தேதி 2பி வந்ததும் மறுநாளே விடுபட்ட பில் பட்டியலை இளைஞர் தருவார், கேட்டு வாங்குவது அக்கா. நீண்ட போன் வராந்தாவில். தவறு கண்டால் வாயால் சொல்லாமல் கோப்பில் பென்சில் சீட்டு. பதினைந்து நாளில் மறுபடி உட்காருவது. ‘அனுசரித்துப் போவோம்’ என்று மட்டும் எழுதியிருந்தால், யாரும் அதைக் கடைப்பிடித்தார்களா என்று பார்க்கவே முடியாது.

எல்லாச் சண்டையையும் இப்படி உட்காரவைக்கக் கூடாது. சாதியைச் சொல்லித் திட்டுவதும் மிரட்டலும் சமரசத்துக்கு உரியவை அல்ல. பாலியல் தொல்லை என்றால் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேருக்குக் குறைவான அலுவலகத்திலிருந்து புகார் மாவட்ட அளவிலான குழுவுக்குப் போக வேண்டும். அங்கேயும் அந்தப் பெண்ணே கேட்டால் மட்டும்தான் சமரச முயற்சி.

மூன்றாம் வாரம் ஒரு பென்சில் சீட்டில், ‘இதுகூடத் தெரியாதா?’ என்று இருந்தது. இளைஞர் அதை என்னிடம் கொண்டுவந்தார். “அவரிடமே காட்டுங்கள்” என்றேன். போய்க் காட்டினார். சீட்டை வாங்கிக் கிழித்துவிட்டு, வெறும் வவுச்சர் எண்ணை மட்டும் எழுதிக் கொடுத்தார் அக்கா.